சாம்பிராணிக்கு அலறும், புகைக்கு உறங்கும்

புள்ளியியல் படிக்கும் ஒரு வாசகி கேட்டிருந்தார்: "முதல் வகைப் பிழை, இரண்டாம் வகைப் பிழை. தேர்வுக்கு முந்தைய நாள் மனப்பாடம் செய்கிறேன், மறுநாள் மாறிப்போகிறது. எது எது என்று எப்படி நினைவில் வைத்துக்கொள்வது?"

புதுச்சேரியில் கடற்கரைக்கு இரண்டு தெரு தள்ளி என் சித்தி நான்கு அறைகள் கொண்ட சின்ன விருந்தினர் விடுதி நடத்துகிறார். ஒவ்வொரு அறையின் கூரையிலும் வெள்ளையாக, வட்டமாக ஒரு புகை எச்சரிப்புக் கருவி உண்டு. இரண்டாம் எண் அறைக் கருவி மட்டும் தனிப்பிறவி. வெள்ளிக்கிழமை மாலை சித்தி சாம்பிராணி போட்டால் அலறும். கீழே வஞ்சிரம் வறுத்தால் அலறும். ஐப்பசி மழையில் குளியலறைக் கதவைத் திறந்துவிட்டு வெந்நீரில் குளித்தாலும் அலறும். ஒருமுறை விடியற்காலை மூன்று மணிக்கு எதுவுமே இல்லாமல் அலறியது. அறையில் தங்கியிருந்தவர் பையைத் தூக்கிக்கொண்டு தெருவுக்கே ஓடிவிட்டார். "அந்த ரூமுல ஏதோ இருக்குடா" என்று சித்தி எலுமிச்சம்பழம் வாங்கி வைத்தார்.

அப்புறம் வேலை செய்யும் பையன் ஒரு முடிவெடுத்தான். கருவியின் மேல் பாலிதீன் பையை மாட்டி ரப்பர் பேண்டைப் போட்டான். அமைதி. இரண்டு வாரம் கழித்து, தங்கியிருந்த ஒருவரின் கொசுவர்த்தி நழுவிப் போர்வையில் விழுந்து, போர்வை மெல்லக் கனன்றது. நாற்றம் வந்து பக்கத்து அறைக்காரர்தான் கதவைத் தட்டினார். போனது போர்வை மட்டும். கருவி பைக்குள் உறங்கிக்கொண்டிருந்தது.

சரி, வாசகியின் கேள்விக்கு வருவோம். கருவி ஒவ்வொரு கணமும் ஒரு கருதுகோளைச் சோதிக்கிறது: "அறையில் தீ இல்லை." வேறு சான்று கிடைக்கும்வரை இதைத்தான் நம்பும். இதுவே இன்மைக் கருதுகோள். தீ இல்லாதபோது அலறினால் முதல் வகைப் பிழை. தீ இருந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தால் இரண்டாம் வகை. சாம்பிராணி முதலாவது, கொசுவர்த்தி இரண்டாவது. விடுதியிலும் அந்த வரிசையில்தான் நடந்தன. முதலாவதைப் பொறுக்க முடியாமல் பையை மாட்டினோம், அதனால் இரண்டாவது வந்தது. இந்த வரிசையை நினைவில் வைத்துக்கொண்டால் இனி மாறாது.

ஆனால் பெயரைத் தாண்டி எனக்குப் பிடித்த விஷயம் கருவியின் வயிற்றுக்குள் இருக்கிறது. ஸ்டூல் போட்டு ஏறி அதைக் கழற்றிப் பார்த்தேன். இந்த வகைக் கருவியின் உள்ளே கறுப்புப் பிளாஸ்டிக்கில் ஓர் இருட்டறை இருக்கும். ஒரு பக்கம் அகச்சிவப்பு ஒளி உமிழும் எல்.இ.டி. இன்னொரு பக்கம் ஒளியை உணரும் டையோடு. இரண்டும் ஒன்றையொன்று நேராகப் பார்க்காது, கோணலாக வைத்திருப்பார்கள். காற்று சுத்தமாக இருந்தால் ஒளி டையோடுக்கு அநேகமாகப் போகாது. புகைத் துகள் உள்ளே வந்தால் ஒளி அதில் பட்டுச் சிதறும், ஒரு பங்கு டையோடின் மேல் விழும். ஜன்னல் வழியே வரும் வெயில் கற்றையில் தூசி மினுங்குவதைப் பார்த்திருப்பீர்கள், அதே வேலைதான். கருவிக்குத் தீ தெரியாது, சூடு தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒரே ஓர் எண்: எவ்வளவு ஒளி சிதறி வந்தது. அந்த எண் ஒரு கோட்டைத் தாண்டினால் அலறும். சாம்பிராணிப் புகையானாலும் நீராவித் துளியானாலும் சிதறிய ஒளி ஒளிதான்.

அந்தக் கோட்டை எங்கே போடுவது? கணக்குக்காக நானே சில எண்களை வைத்துக்கொள்கிறேன். சுத்தக் காற்றில் டையோடு சராசரியாக 20 காட்டுகிறது. மின்சுற்றின் இரைச்சல், பறக்கும் தூசி ஆகியவற்றால் அது மேலும் கீழும் ஆடும். அந்த ஆட்டத்தின் திட்ட விலக்கம் 4. போர்வை கனலத் தொடங்கும் மெல்லிய புகையில் சராசரி 32, ஆட்டம் அதே 4. மணி வடிவ வளைவுகள் இரண்டு பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கின்றன.

கோட்டை நடுவே 26-இல் போடுவோம். சுத்தக் காற்றின் எண் 26-ஐத் தாண்ட 1.5 திட்ட விலக்கம் மேலே போக வேண்டும்; அதற்கு வாய்ப்பு 6.7 சதவீதம். இதுதான் ஆல்பா, முதல் வகைப் பிழையின் அளவு. புகையின் எண் 26-க்குக் கீழே விழவும் அதே 6.7 சதவீதம். அது பீட்டா. சித்தி சாம்பிராணிக்காகச் சண்டை போடுகிறார் என்று கோட்டை 30-க்கு ஏற்றுவோம். ஆல்பா 0.6 சதவீதத்துக்கு இறங்கிவிடும். ஆனால் பீட்டா 31-க்கு ஏறிவிடும்: மெல்லிய புகையைப் பார்க்கும் பத்து முறையில் மூன்று முறை கருவி சும்மா இருக்கும். கோட்டை நகர்த்துவது என்பது ஒரு பிழையைக் கொடுத்து இன்னொன்றை வாங்குவதுதான். பாலிதீன் பை அந்தக் கோட்டை எட்டவே முடியாத உயரத்துக்குக் கொண்டுபோய்விட்டது: ஆல்பா சுழி, பீட்டா நூறு.

இரண்டையும் ஒருசேரக் குறைக்க வழி இல்லையா? உண்டு, இந்த விஷயத்தில் நான் மயங்கும் இடமே அதுதான். ஒரு தடவை பார்த்து முடிவெடுக்காமல் நான்கு தடவை பார்த்து சராசரி எடுங்கள். சராசரிகள் 20, 32 என்று இருந்த இடத்திலேயே இருக்கும். ஆனால் ஆட்டம் நான்கின் வர்க்கமூலத்தால் வகுபட்டு, 4 என்பது 2 ஆகிவிடும். வளைவுகள் நகரவில்லை, ஒல்லியாகிவிட்டன. இப்போது 26-இல் உள்ள கோடு இரண்டு பக்கமும் 3 திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது. இரண்டு பிழையும் 6.7-இலிருந்து 0.13 சதவீதத்துக்கு விழுகின்றன. ஆய்வில் "மாதிரி அளவைக் கூட்டு" என்பது இதைத்தான். பல கருவிகள் முதல் தடவை கோட்டைத் தாண்டியதும் அலறாமல், அடுத்தடுத்து சில முறை பார்த்து உறுதி செய்துகொள்வதும் இதற்காகத்தான்.

0.13 சதவீதம் என்றால் நிம்மதி என்று நினைக்க வேண்டாம். பத்து விநாடிக்கு ஒருமுறை பார்த்தால் ஒரு நாளைக்கு 8,640 முறை. நான்கு நான்காகச் சேர்த்தால் 2,160 சோதனைகள். அதில் 0.13 சதவீதம் என்றால் தினம் மூன்று முறை பொய் அலறல். விடுதி ஒரே வாரத்தில் காலி. அதனால் உண்மையான கருவிகளில் கோட்டைச் சுத்தக் காற்றிலிருந்து இன்னும் வெகுதூரம் தள்ளித்தான் போடுவார்கள். தீ வளரக்கூடியது என்பதால் அதைப் பொறுத்துக்கொள்ள முடிகிறது. 32-இல் தவறவிட்ட புகை சில நிமிடத்தில் 60, 100 என்று ஏறும்போது பீட்டா கரைந்துவிடும். பீட்டா என்பது கருவிக்கு மட்டும் உரிய ஒரே எண் அல்ல. எவ்வளவு புகைக்கு என்று சேர்த்துச் சொன்னால்தான் அதற்குப் பொருள்.

பழுதான கருவியில் என்ன நடந்தது? மூடியைத் திறந்ததும் பதில் தெரிந்தது. இருட்டறையின் கறுப்புச் சுவரில் மாவு பூசியது போல நுண்தூசி. தூசியும் ஒளியைச் சிதறடிக்கும், அதனால் சுத்தக் காற்றின் சராசரியே மேலே ஏறிவிடும். 20 என்பது 24 ஆகிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கோடு 26-இலேயே இருக்கிறது. நான்கு முறை சராசரி எடுத்தாலும் கோட்டுக்கு இப்போது 1 திட்ட விலக்கம்தான் தூரம். பொய் அலறல் 0.13-இலிருந்து 16 சதவீதத்துக்குப் பாய்கிறது. ஆல்பா என்பது "இன்மைக் கருதுகோள் நாம் வரைந்தபடியே இருந்தால்" என்ற நிபந்தனையோடு வரும் எண். உலகம் நகர்ந்துவிட்டால் பெட்டியில் அச்சிட்ட வாக்குறுதி செல்லாது. மாதிரியைக் கூட்டினாலும் உதவாது: பார்க்கும் ஒவ்வொரு எண்ணிலும் அந்த நான்கு கூடுதலாகவே இருக்கும். சாம்பிராணி விஷயமும் அப்படித்தான். அடுத்தடுத்த நான்கு பார்வையும் ஒரே புகை மண்டலத்தைப் பார்க்கின்றன. ஒரே ஆளிடம் நான்கு முறை கேட்டுவிட்டு நான்கு சாட்சி என்று சொல்வது போல.

அதே தூசி எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். இருட்டறையைச் சுற்றிப் பூச்சி நுழையாமல் ஒரு மெல்லிய வலை உண்டு. அதில் தூசியும் எண்ணெய்ப் பிசுக்கும் அடைத்தால் புகை தாமதமாகத்தான் உள்ளே போகும், இரண்டாம் வகைப் பிழை கூடும். இதைக் கண்டுபிடிப்பது கடினம். பொய் அலறல் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பொய் மௌனம் நல்ல மௌனம் போலவே இருக்கும். சோதனைப் பொத்தானை அழுத்தினால் பேட்டரியும் மின்சுற்றும் ஒலிப்பானும் சரி என்று தெரியும், வலை வழியாகப் புகை போகிறதா என்று தெரியாது. அதற்கென விற்கும் சோதனைப் புகையை வலைக்கு வெளியே தெளித்துப் பார்க்க வேண்டும்.

இங்கே ஒரு வயிற்றெரிச்சலைச் சொல்லிவிடுகிறேன். பத்துப் பேரை வைத்து மருந்தைச் சோதித்துவிட்டு "வேறுபாடு இல்லை" என்று முடிக்கும் ஆய்வேடுகளை நிறையப் பார்க்கிறேன். கருவி அலறவில்லை, ஆகவே தீ இல்லை என்று சொல்வதுதான் அது. மாணவரைக் குறை சொல்ல மாட்டேன். நூறு பேரைச் சேர்க்கப் பணம் கேட்டால் கொடுக்காத குழு, பத்துப் பேரை வைத்து முடித்த ஆய்வுக்குப் பட்டம் கொடுக்கிறது.

முதல் வகை, இரண்டாம் வகை என்ற பெயர்கள் புள்ளியியலாளர்கள் ஜெர்சி நெய்மன், ஈகான் பியர்சன் இருவரும் தந்தவை. அவர்களுடைய புகழ்பெற்ற கட்டுரை 1933-இல் வந்தது. எந்தப் பிழையைத் தவிர்ப்பது முக்கியமோ அதையே முதல் வகையாக வைத்துக் கருதுகோளை அமைக்க வேண்டும் என்பது நெய்மனின் கருத்து. அந்தக் கணக்கில் பார்த்தால் கருவி "தீ இருக்கிறது" என்று நம்பிக்கொண்டு, இல்லை என்பதற்குச் சான்று தேட வேண்டும். ஆனால் அப்படி ஒரு கருவியை யாரும் கூரையில் வைத்துக்கொண்டு வாழ முடியாது. தேர்வில் எழுதும்போது எது இன்மைக் கருதுகோள் என்று முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள், அதை மாற்றினால் பிழைகளின் பெயரும் இடம் மாறிவிடும்.

மூன்று மணி அலறலுக்கு வருகிறேன். இருட்டறையின் மூலையில் எள் அளவு சிலந்தி ஒன்று வலை பின்னியிருந்தது. மென்மையான பிரஷ்ஷால் தூசியோடு அதையும் எடுத்தேன். கருவியின் பின்பக்கத்தில் தயாரித்த தேதியைப் பார்த்தேன், பத்து வருடம் தாண்டியிருந்தது. அந்த வயதில் துடைத்துப் பயனில்லை, மாற்ற வேண்டியதுதான். சித்தி புதியது வாங்கிவிட்டார், சாம்பிராணி போடும்போது அறைக் கதவை மூடச் சொல்லிவிட்டார். எலுமிச்சம்பழம் மட்டும் இன்னும் வாசலில் இருக்கிறது.