மூன்று ஆள், 15 மணி நேரக் கடை: ஷிஃப்ட் போடுமுன் தெரிய வேண்டிய 10 மணி நேர விதி

பெஸ்தாரி ஜெயா மாதிரித் தோட்டப் பட்டணத்தில் மளிகைக் கடைக்கு இரண்டு நேரம்தான் வியாபாரம். காலையில் வேலைக்குப் போகிறவர்கள் ரொட்டியும் பால் டின்னும் வாங்குவார்கள். சாயங்காலம் வீடு திரும்புகிறவர்கள் சமையல் சாமான் வாங்குவார்கள். நடுவில் ஈ ஓட்ட வேண்டியதுதான். அதனால் பல முதலாளிகள் காலை 7 முதல் 11 வரை வரச் சொல்லி, வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மாலை 5 முதல் 8:30 வரை மறுபடியும் வரச் சொல்கிறார்கள். மொத்தம் ஏழரை மணி நேரம்தானே, சட்டத்துக்கு உட்பட்டதுதானே என்பது அவர்கள் கணக்கு.

அந்தக் கணக்கு இடறுவது ஒரே இடத்தில். தீபகற்ப மலேசியாவிலும் லாபுவானிலும் நடப்பில் உள்ள 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டம், ஒரு நாளில் 8 மணி நேரம், வாரத்தில் 45 மணி நேரம் என்று மட்டும் சொல்லி நிறுத்தவில்லை. (2023 ஜனவரிக்கு முன்பு வார வரம்பு 48.) வேலை தொடங்கியதிலிருந்து முடியும் வரை, நடுவில் இருக்கும் ஓய்வையும் சேர்த்து, 10 மணி நேரத்துக்குள் அன்றைய வேலை அடங்க வேண்டும் என்கிறது. காலை 7 மணிக்கு வந்தவருக்கு அந்த 10 மணி நேரம் மாலை 5 மணிக்கு முடிந்துவிடும். அதற்குப் பிறகு செய்யும் வேலை முழுவதும் ஓவர்டைம். பகலில் அவர் வீட்டில் தூங்கினாலும் அப்படித்தான்.

வெள்ளிக் கணக்கில் பார்ப்போம். மாதச் சம்பளம் 1,950 ரிங்கிட் என்றால் 26ஆல் வகுத்தால் ஒரு நாளுக்கு 75. ஏழரை மணி நேர வேலைக்கு, மணிக்கு 10. ஓவர்டைம் ஒன்றரை மடங்கு, அதாவது 15. மாலையில் மூன்றரை மணி நேரத்துக்கு 52 ரிங்கிட் 50 காசு. மாதம் 26 நாள் இப்படிப் போனால் 1,365 ரிங்கிட். கிட்டத்தட்ட இன்னொரு ஆளின் சம்பளம்! மாதச் சம்பளம் 4,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்குத்தான் இந்த ஓவர்டைம் உரிமை. கடைப் பையன்கள் எல்லாரும் அதற்குள்தான் வருவார்கள்.

சரி, எப்படிப் போடுவது? காலை ஷிஃப்ட் 7 முதல் 3 வரை, மாலை ஷிஃப்ட் 2 முதல் 10 வரை. இரண்டிலும் அரை மணி நேர ஓய்வு போக ஏழரை மணி நேர வேலை. ஆறு நாளுக்குச் சரியாக 45. ஒருவருக்குத் திங்கள், ஒருவருக்குச் செவ்வாய், ஒருவருக்குப் புதன் ஓய்வு நாள். அந்த மூன்று நாளும் இரண்டு பேர் இருப்பார்கள். வியாழன் முதல் ஞாயிறு வரை மூன்றாவது ஆளை நடுஷிஃப்டில், பகல் 12 முதல் 8 வரை போடலாம். மாலைக் கூட்ட நேரத்தில் இரண்டு கை இருக்கும்.

ஓய்வு நேரம் எப்போது என்பதில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது. அதற்குள் குறைந்தது 30 நிமிடம் விட வேண்டும். மாலை ஆளுக்கு 7 மணி வரை இழுத்தால் கூட்டம் நெரியும் நேரத்தில் அவர் எழுந்து போக வேண்டியிருக்கும். 4:30க்கே அனுப்பிவிட்டால் 5 மணிக்குத் திரும்பி வந்து, 10 மணி வரை சரியாக ஐந்து மணி நேரம். காலை ஆளுக்குப் பகல் 12. ஆனால் கல்லாவுக்குப் பின்னால் உட்கார்ந்து, சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து இரண்டு வாய் சாப்பிட்டு, ஆள் வந்ததும் கையைத் துடைத்துக்கொண்டு வெங்காயம் நிறுத்துப் போடுவது ஓய்வாகாது. தன் நேரத்தையும் நடமாட்டத்தையும் தன் விருப்பப்படி வைத்துக்கொள்ள முடியாத நேரமெல்லாம் சட்டப்படி வேலை நேரமே. ஆகவே திங்கள், செவ்வாய், புதனில் அந்த அரை மணி நேரம் முதலாளிதான் கல்லாவில் உட்கார வேண்டும். முதலாளிக்கு மணி நேர வரம்பு கிடையாது, பாவம்.

ஷிஃப்டில் வேலை செய்பவருக்கு ஓய்வு நாள் என்பது தொடர்ச்சியாக 30 மணி நேரம். திங்கள் இரவு 10க்குப் போனவர் புதன் காலை 7க்கு வந்தால் 33 மணி நேரம், தாராளம்.

யாருக்கு எந்த நாள் ஓய்வு என்பதை அந்த மாதம் பிறப்பதற்கு முன்பே எழுதிக் காட்ட வேண்டும். இதில் தோட்டச் சம்பள நாளையும் பார்த்துக்கொள்ளுங்கள். சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம் போட வேண்டும் என்பதும் இதே சட்டம்தான். அதனால் மாதத்தின் முதல் வாரம் கடையில் நெரிசல். 7ஆம் தேதி செவ்வாய் என்றால், அந்த வாரம் செவ்வாய்க்காரரின் ஓய்வை வியாழனுக்கு மாற்றி முன்கூட்டியே எழுதிவிடலாம். அன்று காலையில் வந்து, "தம்பி, இன்னைக்கு லீவு இல்லை" என்று சொல்வது முறையல்ல. ஓய்வு நாளில் அவர் தானாக ஒப்புக்கொண்டு முழு ஷிஃப்ட் வந்தால், மாதச் சம்பளத்துக்கு மேல் ஒரு நாள் கூலி, நம் கணக்கில் 75 ரிங்கிட், சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

மாதம் முடிந்ததும் ஓய்வு நாள் எழுதிய அந்தத் தாளைக் கிழித்துப் போடாதீர்கள். ஆறு ஆண்டுகள் வரை தொழிலாளர் துறை அதைக் கேட்கலாம்.