‘சரி’ என்றது யார்?

உரையாடல் ஒலிப்பதிவின், பேசுபவர் பெயரில்லாத எழுத்தாக்கத்தில் வரிக்கு வரி முறைவைத்துப் பெயர் போட்டுவிட்டு, அதைச் சரிபார்க்க என்னிடம் அனுப்புகிறார்கள். இந்த மாதம் மட்டும் இது மூன்றாவது. வரி முறிந்தால் ஆள் மாறிவிட்டார் என்ற எண்ணமே இதற்கெல்லாம் காரணம். எழுத்தாக்கும் மென்பொருள் பெரும்பாலும் குரல் நின்ற இடத்தில் வரியை முறிக்கிறது. ஆகவே ஒருவர் மூச்சு வாங்கினால் அவர் பேச்சு இரண்டு வரியாகும். இருவர் இடைவெளியின்றிப் பேசினால் இருவர் பேச்சும் ஒரே வரியாகும். முறைவைத்துப் போட்டுக்கொண்டே போனால், நடுவில் ஒரு ‘ம்’ வந்ததும் அதற்குப் பின்வரும் பெயர்கள் அத்தனையும் ஆள் மாறிப்போகும்.

கடைசியாக வந்தது பூர்வீக வீட்டைப் பற்றி அண்ணன், அக்கா, தம்பி ஆகிய மூவர் பேசியது. அடையாளம் தெரியாதபடி சற்று மாற்றித் தருகிறேன்.

1. வீட்ட வித்துடலாம்.
2. ம்.
3. அப்பா இருக்கும்போதே சொன்னாருண்ணா.
4. எனக்கு யாரும் சொல்லலையே அக்கா.
5. நாங்க சொன்னோமே தம்பி.
6. சரி.

அண்ணன், அக்கா, தம்பி என்ற வரிசையிலேயே பெயர் போட்டிருந்தார்கள். அதனால் நான்காம் வரி அண்ணனுக்கும், ஆறாம் வரியின் ‘சரி’ தம்பிக்கும் போயின. விற்பனைக்குத் தம்பி சம்மதித்துவிட்டார் என்று குறிப்பும் எழுதியாயிற்று. தங்கையை அண்ணன் ‘அக்கா’ என்று அழைப்பாரா என்று ஒருவரும் நிறுத்திக் கேட்கவில்லை.

விளிச்சொல் கேட்பவரைத்தான் காட்டும்; பேசுபவரை அதிலிருந்து கழித்துத்தான் காண வேண்டும். அக்கா என்று அழைக்கக்கூடியவர் இங்கே தம்பி மட்டுமே என்பதால் நான்காம் வரி அவருடையது. அது மூன்றாம் வரிக்கு மறுப்பாக வருவதால், ‘அண்ணா’ என்றவர் அக்கா. ஐந்தாம் வரியின் ‘நாங்க’ கேட்பவரை விலக்கும் சொல். அங்கே விலக்கப்படுபவர் தம்பி. ஆனால் அதைச் சொன்னது அண்ணனா அக்காவா என்பதை எழுத்தை மட்டும் வைத்துத் தீர்மானிக்க முடியாது. ‘சொன்னோம்’, ‘வந்தேன்’ போன்ற தன்மை வினைகள் ஆண்பால் பெண்பால் காட்டுவதில்லை. ஒன்று, இரண்டு, ஆறாம் வரிகளுக்கும் எழுத்தில் உறுதியான சான்று இல்லை. நான் ஒலிப்பதிவை வாங்கிக் கேட்டேன். ‘சரி’ அக்காவின் குரல்.

உறுதியான வரிகளுக்கு முதலில் பெயரிடுங்கள். பிறகு அவற்றிலிருந்து முன்னும் பின்னும் நகருங்கள். ‘ன்னு சொன்னேன்’ என்று முடியும் வரிக்குள் வரும் ‘அண்ணா’வை நம்பாதீர்கள், அது வேறொரு நாளில் வேறொருவரிடம் சொன்னதாக இருக்கலாம். தெரியாத வரியில் ‘யாரெனத் தெரியவில்லை’ என்றே எழுதுங்கள். தயவுசெய்து, சம்மதமோ மறுப்போ தெரிவிக்கும் ஒற்றைச் சொல்லுக்கு ஒலியைக் கேட்காமல் பெயர் போடாதீர்கள்.