‘ஆப்’ இறங்கி ‘தூ’ ஆகும்போது தமிழ் வரி என்ன செய்கிறது?

மொழிபெயர்த்த பாட்டு வரிகளைச் சரிபார்ப்பதற்காக என்னிடம் அனுப்புகிறவர்கள் பொருளிலும் சந்தத்திலும் அநேகமாகக் கோட்டை விடுவதில்லை. மெட்டில் உட்காராத வரியைப் பாடகரே திருப்பிக் கொடுத்துவிடுவார். பொருள் மாறினால் இயக்குநர் கேட்பார். யாரும் கேட்காமல் நழுவிப்போவது ஒன்று உண்டு: பாடுகிறவர் எதிரில் இருப்பவரை எந்த நெருக்கத்தில் வைத்துப் பேசுகிறார் என்பது. மூலத்தில் மரியாதையாகத் தொடங்கி ஒருமையில் முடிகிற பாட்டு, தமிழில் முதல் வரியிலிருந்தே ‘நீ’ என்று போய்க்கொண்டிருக்கும். பாட்டு நன்றாகத்தான் இருக்கும். அந்த இரண்டு பேருக்கு நடுவே நடந்த கதைதான் காணாமல் போயிருக்கும்.

இந்தியிலிருந்து தமிழுக்கு வரும் பாட்டுகளில் இது அடிக்கடி நடக்கக் காரணம் எளிது. இந்தியில் முன்னிலைக்கு மூன்று படி: மரியாதைக்கு ஆப், நடுவே தும், மிக நெருக்கத்துக்குத் தூ. தமிழில் வழக்கில் இருப்பது இரண்டு: நீங்கள், நீ. மூன்று படி இறங்குகிற ஒருத்தியை இரண்டே படியில் இறக்க வேண்டும். எந்தப் படியை எதோடு சேர்ப்பது என்று யாராவது யோசித்து முடிவெடுத்தார்களா, அல்லது மெட்டு இழுத்த பக்கம் போய்விட்டதா என்பதைத்தான் சரிபார்ப்பவர் கண்டுபிடிக்க வேண்டும்.

பலர் செய்வது, தமிழ் வரிகளில் ‘நீ’, ‘நீங்கள்’ வருகிற இடங்களை மட்டும் வட்டமிடுவது. அது போதாது. இந்தியும் சரி, தமிழும் சரி, அந்தச் சொல்லைச் சொல்லாமலே பேசத் தெரிந்த மொழிகள். ‘வந்தாய்’ என்றால் போதும், ‘நீ’ தேவையில்லை. இந்தியில் ‘ஜாயியே’, ‘ஜாவோ’, ‘ஜா’ என்ற மூன்று ஏவலும் தனியே நின்றாலே படி தெரிந்துவிடும். ஆகவே வினையின் வால், ‘உன் / உங்கள்’ போன்ற உடைமைச் சொல், கூப்பிடும் சொல் ஆகியவற்றையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். நான் முதலில் மூலத்தை மட்டும் எடுத்து, வரிக்கு வரி ஓரத்தில் படியைக் குறித்துக்கொள்வேன். அது முடிகிற வரை தமிழ் வரிகளைத் திறப்பதில்லை. தமிழைப் பார்த்துவிட்டு மூலத்துக்குப் போனால், தமிழில் இருப்பதே மூலத்திலும் இருப்பதாகக் கண் ஏமாற்றும்.

குறிக்கும்போது ஓர் எச்சரிக்கை. மூலத்தில் படி மாறுகிற ஒவ்வொரு இடமும் அர்த்தத்தோடு மாறுவதில்லை. ‘தும்’ என்று பேசிக்கொண்டிருக்கும் இந்திப் பாட்டில் நடுவே ‘தூ’வின் உடைமைச் சொல்லான ‘தேரா’, ‘தேரி’ வந்து போவது சர்வ சாதாரணம். ‘தும்’முக்கு உரிய ‘தும்ஹாரா’ என்பதற்கு ஓரசை கூடுதல் வேண்டும். மெட்டில் இடம் இருக்காது. இப்படிக் கலப்பதற்கு உருதுக் கவிதை இலக்கணத்தில் ‘ஷுதுர்குர்பா’ என்று பெயரே வைத்து, குற்றமாகச் சொல்லியிருக்கிறார்கள். திரைப்பாட்டு அதைக் கண்டுகொள்வதில்லை. அதனால் உடைமைச் சொல் மட்டும் கீழிறங்கி வினை அதே படியில் நின்றால், அதை ஓசைக்காகச் செய்ததாக எடுத்துக்கொள்கிறேன். வினையே மாறினால், அதுவும் சரணம் மாறுகிற இடத்தில் மாறினால், கவிஞர் தெரிந்துதான் செய்திருக்கிறார். அதை விடக்கூடாது.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்ப்போம். வரிகள் நான் இதற்காக எழுதியவை. ஒருத்தி தன் வீட்டுக்கு வந்திருப்பவனிடம் பாடுகிறாள். ஒவ்வொரு சரணமும் கிட்டத்தட்ட ஒரே அடியில் தொடங்குகிறது.

முதல் சரணம்: பைட்டியே ஆப், மைம் தீபக் ஜலா தூம்.
இரண்டாவது: பைட்டோ தும், தீபக் ஜல்னே தோ.
மூன்றாவது: பைட் ஜா தூ, தீபக் புஜ்னே தே.

உட்காருங்கள், விளக்கேற்றுகிறேன், உட்கார், விளக்கு எரியட்டும், உட்கார், விளக்கு அணையட்டும். பொருள் இவ்வளவுதான். இதற்கு இப்படி ஒரு தமிழ் வருகிறது என்று வைத்துக்கொள்வோம்:

உட்காருங்கள், விளக்கேற்றுகிறேன்.
உட்காரு நீ, விளக்கெரியட்டும்.
உட்காரு நீ, விளக்கணையட்டும்.

மேலோட்டமாகப் பார்த்தால் குறை சொல்ல முடியாது. ஆனால் இரண்டாவதும் மூன்றாவதும் ஒரே படியில் நிற்கின்றன. மூலத்தில் ஆளைக் குறிக்கும் சொல்லோடு அடியின் கடைசி ஒலியும் இறங்கியிருக்கிறது: ‘ஜல்னே தோ’ என்பது ‘புஜ்னே தே’ ஆகிறது. இரண்டுமே எதிரில் இருப்பவனிடம் சொல்லும் ஏவல்: எரிய விடு, அணைய விடு. தமிழின் ‘அட்டும்’ விளக்கைப் பற்றிப் பேசுகிறது, அவனிடம் பேசவில்லை. அதனால் அந்த அரையடியில் மரியாதையும் இல்லை, ஒருமையும் இல்லை, வெறுமையாக இருக்கிறது. தமிழ் வரியை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தால் இது தெரியவே தெரியாது.

இதைச் சுட்டினால் உடனே வருகிற திருத்தம் மூன்றாவது சரணத்தில் ஒரு ‘டா’ போடுவது. ‘நீ’க்குக் கீழே ஒரு படி வேண்டும், தமிழில் ‘டா, டி’ இருக்கிறதே என்பது நியாயமான எண்ணம்தான். சில பாட்டுகளுக்கு அது பொருந்தவும் செய்யும். இங்கே பொருந்தாது. ‘டா’ நெருக்கத்தோடு விளையாட்டையும் உரிமைச் சண்டையையும் கொண்டுவரும். விளக்கணைகிற வேளையில் அவள் குரலில் இருக்கும் அமைதி கெட்டுப்போகும்.

நான் தேடுவது வேறு வழி. தமிழுக்கு இரண்டு படிதான் என்றாலும், ‘நீங்கள்’ என்ற படிக்குள்ளேயே எழுத்துத் தமிழும் பேச்சுத் தமிழும் இரண்டு தூரத்தில் நிற்கின்றன. ‘அமருங்கள்’ என்று சொல்கிறவளும் ‘இருங்க’ என்று சொல்கிறவளும் ஒரே நெருக்கத்தில் இல்லை. அதைப் பயன்படுத்தினால்:

அமருங்கள், விளக்கேற்றுகிறேன்.
இருங்க, விளக்கெரியட்டும்.
உட்காரு, விளக்கணைய விடு.

ஓசையையும் சோதிக்கலாம். ‘பைட்டியே ஆப்’ நான்கு உயிரொலி, ‘அமருங்கள்’ நான்கு. ‘பைட்டோ தும்’ மூன்று, ‘இருங்க’ மூன்று. ‘பைட் ஜா தூ’ மூன்று, ‘உட்காரு’ மூன்று. நெடிலும் குறிலும் அப்படியே பொருந்தாது, இசையமைப்பாளர் ஓரிரு இடத்தில் இழுத்துக் கொடுக்க வேண்டும். ‘விளக்கணைய விடு’ மூலத்தைவிட நீளம். குறில்கள் நிறைந்திருப்பதால் இரண்டை ஒரு தட்டில் அடக்கலாம் என்று நினைக்கிறேன், ஆனால் அதைப் பாடிப் பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ‘விடு’ என்ற ஏவல் கடைசியில் வந்ததால் மூலத்தின் ‘தே’ திரும்பக் கிடைத்துவிட்டது.

இங்கே ஒரு முடிவு ஒளிந்திருக்கிறது. ‘நீங்கள்’ என்பதிலிருந்து ‘நீ’க்கு இறங்குவதுதான் தமிழில் காதுக்குக் கேட்கிற பெரிய இறக்கம். அதை நான் மூன்றாவது சரணத்தில் வைத்தேன். இரண்டாவதில் வைத்தாலும் தப்பென்று சொல்ல முடியாது. இந்தியில் ‘ஆப்’ விட்டு ‘தும்’ வருவதும் பெரிய விஷயமே. தமிழில் காதலனை ‘நீங்க’ என்று நெடுநேரம் அழைத்துக்கொண்டே நெருக்கமாக இருக்க ஒருத்தியால் முடியும், அதனால் ‘இருங்க’ இரண்டாவது படியைத் தாங்கும் என்பது என் கணக்கு. கதை இரண்டாவது சரணத்தில்தான் திரும்புகிறது என்று இயக்குநர் சொன்னால் என் வரியைக் கைவிட்டுவிடுவேன். கேட்காமல் முடிவெடுப்பதுதான் ஆபத்து.

மெட்டு நெருக்கும்போது இன்னொரு குறுக்குவழி கண்ணில் படும்: ‘நீர்’. ‘நீ’யைப் போலவே ஓரசை, மரியாதையும் உண்டு, எதுவும் இடிக்காது. ஆனால் இன்றைய காதல் பாட்டில் ‘நீர்’ வந்தால் புராண நாடகமோ கேலியோ நினைவுக்கு வரும். பக்திப் பாட்டில் கதையே வேறு. இந்தியில் கடவுளை ‘தூ’ என்பது அவமரியாதை இல்லை; தமிழில் சிவனையும் முருகனையும் ‘நீ’ என்று பாடுவது பழைய வழக்கம். அதே சமயம் தமிழ்க் கிறிஸ்தவப் பாடல்களில் ‘நீர், உம்’ என்பதே ஊறிப்போன வழக்கு. அங்கே மூலத்தின் படியைவிட, பாடப்போகிற கூட்டத்தின் வாய்க்குப் பழகியது எது என்பதே முந்தி நிற்கும்.

இனி தமிழ் வரிகளுக்குள்ளேயே கலப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ‘நீங்கள் வருகிற வழியெல்லாம் உன் நிழலாய் நிற்பேன்’ என்பது போன்ற வரிகள் நினைப்பதைவிட அதிகம் தப்பிப் பிழைக்கின்றன. ‘உங்கள்’ ஈரசை, ‘உன்’ ஓரசை. மெட்டு ஒன்றைத்தான் கொடுத்திருக்கும். இந்திக் காது மன்னிக்கும் இந்தக் கலப்பைத் தமிழ்க் காது மன்னிக்காது. ‘நீங்கள்’ சொன்ன வாயே அதே மூச்சில் ‘உன்’ என்றால், பேசுகிறவர் மாறிவிட்டாரோ என்று தோன்றும். மருந்து பெரும்பாலும் எளிது: உடைமைச் சொல்லையே எடுத்துவிடலாம். ‘நீங்கள் வருகிற வழியெல்லாம் நிழலாய் நிற்பேன்’ என்றால் யாருடைய நிழல் என்று யாரும் கேட்கப்போவதில்லை. விட்டுப்போன அசைக்கு ‘நான்’ போட்டுக்கொள்ளலாம்.

இத்தனையும் தாளில் முடிந்தபின், முழுப் பதிவுக்கு முன் மாதிரியாகப் பாடும் டிராக்கைக் கேட்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். ‘இருங்க’வின் கடைசி ஒலி குறுகிய சுரத்தில் விழுந்து, பாடகரும் அங்கே மூச்சு வாங்கினால், கேட்பவருக்கு ‘இரு’ என்றுதான் எட்டும். தாளில் இருந்த மரியாதை ஒலியில் செத்துவிடும். நான் வரிகளைக் கையில் வைத்துக்கொள்ளாமல் ஒரு தடவை கேட்பேன். வரி கண்முன் இருந்தால் கேட்காததையும் கேட்டதாக நினைத்துக்கொள்வோம். முழுப் பதிவு முடிந்தபின் இதைச் சொன்னால் யாரும் காது கொடுக்க மாட்டார்கள். டிராக் கட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும்.

ஆங்கிலப் பாட்டு என்றால் இந்த வேலையே தலைகீழ். ‘யூ’வில் படி இல்லாததால் ஒப்பிட எதுவும் கிடையாது. எந்தப் படி என்பதைக் காட்சியையும் பாத்திரங்களின் வயதையும் உறவையும் வைத்து மொழிபெயர்ப்பாளர்தான் தீர்மானித்திருப்பார். அந்தத் தீர்மானத்தை வரிகளுக்கு மேலே ஒரே வாக்கியத்தில் எழுதித்தரச் சொல்லி வாங்கிக்கொண்டு, கடைசி வரை அதைக் காப்பாற்றியிருக்கிறாரா என்று மட்டும் பார்க்கிறேன்.

கடைசியாக ஒரு சோதனை. மூலம் தெரியாத ஒருவரிடம் தமிழ் வரிகளை மட்டும் கொடுத்து, இவர்கள் இருவரும் எவ்வளவு நாள் பழகியவர்கள், பாட்டு முடியும்போது அது மாறியிருக்கிறதா என்று கேளுங்கள். மரியாதை, ஒருமை என்ற சொற்களை வாயில் எடுக்க வேண்டாம். எடுத்தால் அவரும் வட்டமிடத் தொடங்கிவிடுவார். விளக்குப் பாட்டின் முதல் மொழிபெயர்ப்பைப் படிக்கிறவர், இரண்டாவது சரணத்துக்கு முன்னாலேயே ஏதோ நடந்து முடிந்துவிட்டது என்பார். நம் திருத்தம் வேலை செய்திருந்தால் மூன்றாவது சரணத்தைக் காட்டுவார். இரண்டையும் காட்டாமல் முழித்தால் வரிகள் திரும்பக் கவிஞரிடம் போக வேண்டியதுதான்.