‘Sent’-இல் இருக்கிறது, சரி, போய்ச் சேர்ந்ததா?

சுங்கை சிப்புட் பக்கம் ஒரு செம்பனை ஆலையில் கிராணியாக இருக்கிறேன். ஆள் எடுக்கும்போது விண்ணப்பங்கள் வந்து விழும் மின்னஞ்சல் பெட்டியைத் திறப்பது என் வேலை. எங்கள் விளம்பரத்தில் ஒரு மின்னஞ்சல் முகவரியும் கடைசித் தேதியும் மட்டும்தான் இருக்கும். பதிவு எண் கிடையாது, ‘கிடைத்தது’ என்று தானாகப் பதில் போவதும் கிடையாது.

ஒரு தடவை, ஆய்வுக்கூட உதவியாளர் வேலைக்கு வெள்ளிக்கிழமை கடைசி நாள். வியாழன் மாலை மூன்று மணிக்கு, பக்கத்துத் தோட்டத்துப் பெண் ஒருத்தி போன் செய்தாள். திங்களன்றே அனுப்பிவிட்டாளாம். பெட்டியை மேலிருந்து கீழே ஓட்டிப் பார்த்துவிட்டு, “வரலையே தங்கச்சி” என்றேன். வேறு யாராக இருந்தாலும் அதோடு வைத்திருப்பார்கள். அவள் வைக்கவில்லை. “அக்கா, என் மின்னஞ்சல் முகவரியைச் சொல்றேன், அதைப் போட்டுத் தேடிப் பாக்கிறீங்களா? Junk-லயும் கொஞ்சம் பாருங்களேன்” என்றாள்.

அங்கேதான் கிடந்தது. தலைப்பு காலி, உள்ளே ஒரு வரிகூட இல்லை, சான்றிதழ்களையெல்லாம் சுருட்டி ஒரே ஒரு zip கோப்பு. முகவரியும் அந்த வாரம்தான் புதிதாகத் திறந்தது. வைரஸ் அனுப்புகிறவர்களின் மடலும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். வடிகட்டியைக் குறை சொல்ல முடியாது. Junk-ஐத் தினமும் பார்க்காதது என் தப்பு, அதை ஒப்புக்கொள்கிறேன்.

அவளை ஏமாற்றியது ‘Sent’ என்ற அந்தச் சொல்தான். உங்கள் பக்கத்திலிருந்து கிளம்பிவிட்டது என்பதற்கு மேல் அதில் எதுவும் இல்லை. முகவரி தப்பாக இருந்தால் பெரும்பாலும் சில நிமிடங்களில் Mail Delivery Subsystem என்ற பெயரில் ஒரு மடல் திரும்பி வரும், Address not found என்று. நாளிதழைப் பார்த்துத் தட்டும்போது .com.my என்பதை .com என்று விடுவது, l என்ற எழுத்தை 1 என்று படிப்பது, இவைதான் நான் அடிக்கடி பார்ப்பவை. இன்னொரு வகை, Delivery incomplete. எதிர்ப்பக்கப் பெட்டி நிறைந்திருந்தாலோ சர்வர் படுத்திருந்தாலோ இது வரும். ஜிமெயில் இரண்டு மூன்று நாள் மறுபடி மறுபடி முயன்றுவிட்டுத்தான் கைவிடும். அதனால் கடைசி நாள் இரவில் அனுப்புகிறவருக்குத் தோல்விச் செய்தி வரும்போது தேதி முடிந்திருக்கும்.

ஆனால் எதுவுமே திரும்பி வராவிட்டால்? தோட்டத்துக் கேட்டில் ஜாகா வாங்கி வைத்துக்கொண்டார் என்று மட்டும் அர்த்தம். ஆபீஸ் மேசைக்கு வந்ததா, மூலையில் கிடக்கிறதா என்று அவர் உங்களுக்குச் சொல்லமாட்டார். Junk-க்குப் போன மடலுக்குத் திரும்பும் செய்தி கிடையாது. ஜிமெயில் பெட்டியாக இருந்தால் Spam-இல் 30 நாள் கிடந்து தானாக அழிந்துவிடும்.

திறந்தார்களா என்று காட்டும் செயலிகளை நம்பி உட்காராதீர்கள். அவை மடலுக்குள் ஒளித்து வைக்கும் குட்டிப் படம் ஏற்றப்படுவதைத்தான் எண்ணுகின்றன. பல அலுவலகங்களில் படம் தானாக ஏறாது. ஆப்பிள் மெயிலிலோ, யாரும் திறக்காமலே ஏறிவிடலாம்.

ஆகவே போன்தான். அனுப்பி இரண்டு வேலைநாள் விட்டு அழையுங்கள். மாதத்தின் முதல் ஏழு நாள் வேண்டாம். சட்டப்படி 7-ஆம் தேதிக்குள் சம்பளம் போட்டாக வேண்டும், எங்களுக்குத் தலை நிமிர நேரமிருக்காது. ‘வந்துச்சா?’ என்று கேட்டால் ‘பார்க்கிறேன்’ என்றுதான் பதில் வரும். அந்தப் பெண் கேட்ட மாதிரி உங்கள் முகவரியை எழுத்தெழுத்தாகச் சொல்லி, தேடச் சொல்லுங்கள். அனுப்பிய நாளையும் சொல்லுங்கள்.

அன்றைக்கு அவளிடம் போனை வைக்க வேண்டாம் என்றேன். தலைப்பில் பெயரும் வேலையும், உள்ளே மூன்று வரி, எல்லாச் சான்றிதழும் சேர்ந்த ஒரே pdf, 5 எம்பிக்குள். ஜிமெயில் 25 எம்பி வரை அனுப்பும்தான், ஆனால் வாங்குகிற அலுவலகம் அவ்வளவு பெரியதை ஏற்க வேண்டுமே. பத்து நிமிடத்தில் மறுபடி அனுப்பினாள். வந்ததும் தலைப்பை அவளுக்கு வாசித்துக் காட்டினேன். என் பெயரையும் நேரத்தையும் கேட்டுக் குறித்துக்கொண்டாள்.

விளம்பரத்தில் போன் எண்ணே இல்லை என்றால், நிறுவனத்தின் பொது எண்ணை வேறு இடத்தில் தேடி, அனுப்புவதற்கு முன்பே அழையுங்கள். விளம்பரமே போலியாக இருக்கலாம். “அப்படி வேலைக்கு ஆளே நாங்க கேக்கலையே” என்று நானே இரண்டு பேருக்குச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவர் ஐ.சி. நகலை ஏற்கெனவே அனுப்பிவிட்டிருந்தார்.