முன்பக்கத்தில் காலியாக இருந்த கட்டம்

ஏற்காட்டிலிருந்து தினமும் பஸ்ஸில் இறங்கி வந்து சேலத்தில் எங்களிடம் பிளஸ் 2 படிக்கும் மாணவி அவள். அரையாண்டு இயற்பியல் விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்த மறுநாள், "சார், ரெண்டு தடவை கூட்டிட்டேன், 49 சரியாத்தான் வருது. ஆனா மார்க் குறையுற மாதிரியே இருக்கு" என்றாள். திருத்தியது நான்.

அவள் கூட்டியது முன்பக்கக் கட்டங்களில் நான் எழுதிய எண்களை. அங்கேதான் சிக்கல். நான் கூட்டிய அதே எண்களைக் கூட்டினால் அதே விடைதான் வரும். உள்ளே, ஒவ்வொரு விடையின் ஓரத்திலும் போட்ட மதிப்பெண்ணிலிருந்து தொடங்க வேண்டும்.

வெள்ளைத்தாளில் 1 முதல் 38 வரை வினா எண்களை எழுதச் சொன்னேன். பக்கம் பக்கமாகப் புரட்டி, கண்ணில் படும் மதிப்பெண்ணை அந்தந்த எண்ணுக்கு நேராகக் குறித்தாள். ஒரு மதிப்பெண் பகுதியில் 12, இரண்டு மதிப்பெண் பகுதியில் 9, மூன்று மதிப்பெண் பகுதியில் 14. இவை முன்பக்கத்தோடு பொருந்தின. ஐந்து மதிப்பெண் பகுதியில் 34-க்கு 5, 35-க்கு 3, 37-க்கு 4, 38-க்கு 2. மொத்தம் 14. 36-ஐ அவள் கடைசியாக, கூடுதல் தாளில் எழுதியிருந்தாள். அதன் ஓரத்தில் என் கையால் 4 போட்டிருக்கிறேன், முன்பக்கத்துக்குக் கொண்டுவரவில்லை. 36-க்கான கட்டம் காலியாக இருந்தது. மொத்தம் 53.

காலிக் கட்டத்தை முதலில் பாருங்கள் என்று அதனால்தான் சொல்கிறேன். 0 போட்டிருந்தால் திருத்தியவர் அந்த விடையைப் பார்த்துவிட்டார் என்று பொருள். கட்டம் காலியாக இருந்தால், நீங்கள் அந்த வினாவை எழுதவில்லை, அல்லது எழுதியது அவர் கண்ணில் விழவில்லை, அல்லது இவளுக்கு நடந்ததுபோல் உள்ளேயே நின்றுவிட்டது.

உங்கள் கூட்டலுக்கும் முன்பக்க மொத்தத்துக்கும் உள்ள வித்தியாசமே சில நேரம் காரணத்தைக் காட்டிக்கொடுக்கும். ஒரு வினாவின் மதிப்பெண்ணுக்குச் சமமாக இருந்தால் அது விடுபட்டிருக்கலாம். சரியாக 10 என்றால், கூட்டும்போது மீதி எண்ணைச் சேர்க்காமல் விட்டிருக்கலாம். 53 என்பதை 35 என மாற்றி எழுதினால் 18 குறையும். இலக்கம் இடம் மாறினால் வித்தியாசம் எப்போதும் 9-ஆல் வகுபடும்.

உங்கள் கூட்டல் அதிகமாக வந்ததும் உடனே ஓடி வராதீர்கள். ஆறு எழுத வேண்டிய இடத்தில் ஏழு எழுதினீர்களா, 'அல்லது' வினாவில் இரண்டையும் எழுதினீர்களா என்று பாருங்கள். அந்தக் கூடுதல் விடை கணக்கில் வராது. விடைக்குக் கொடுத்த மதிப்பெண் போதாது என்பதும் கூட்டலில் தீராது, அது மறுமதிப்பீடு.

பொதுத்தேர்வில் தாள் கையில் கிடைக்காது. பிளஸ் 2-வில் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பித்து வாங்கினால், இதே வேலையை அதில் செய்யலாம்.

அவள் தாளில் 49-ஐ அடித்து 53 எழுதிக் கையெழுத்திட்டேன். பிறகு அவளைக் கூடவே அழைத்துப்போய், மதிப்பெண் பதிவேட்டிலும் அவள் கண்முன்னே மாற்றினேன்.