பாய்லர் எரிகிறது, வெந்நீர் எங்கே?

ஊட்டியில் 50 அறைகள் கொண்ட ஓர் ஓட்டல். காலை ஐந்து மணிக்கு மின்சாரம் நின்றது. சில நொடிகளில் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியது. விளக்குகள் எரிந்தன, பாய்லரும் மறுபடி பற்றிக்கொண்டது. ஆனால் ஆறு மணிக்கு மூன்றாம் மாடியின் கடைசி அறையிலிருந்து வரவேற்பறைக்கு அழைப்பு வருகிறது: "குழாயைத் திறந்து ஐந்து நிமிடம் ஆகிவிட்டது, பச்சைத் தண்ணீர்தான் கொட்டுகிறது."

இந்தப் புகார் வந்ததும் எல்லோரும் பாய்லரைத்தான் சந்தேகிப்பார்கள். பெரும்பாலும் தவறு அங்கே இருக்காது.

முதலில் கணக்கைப் பார்ப்போம். பாய்லர் என்று சொன்னாலும் இங்கே நீராவி இல்லை. டீசலை எரித்துத் தண்ணீரை 60 டிகிரிக்குச் சூடாக்கித் தொட்டியில் சேர்த்து வைக்கும் கருவி அது. குளிப்பதற்கு 40 டிகிரி போதும். ஊட்டியின் குளிர்ந்த தண்ணீர் 15 டிகிரி என்றால், ஒருவர் குளிக்கும் 60 லிட்டரில் ஏறக்குறைய 33 லிட்டர் தொட்டியிலிருந்து வரும் வெந்நீர். 100 பேருக்கு 3,300 லிட்டர். அதைச் சூடாக்க வேண்டிய வெப்பத்தை மின்சாரத்தில் சொன்னால் 173 யூனிட். பாய்லரில் நேரடியாக எரித்தால் இதற்குச் சுமார் 20 லிட்டர் டீசல் போதும். அதே டீசலை ஜெனரேட்டரில் ஊற்றி, கிடைக்கும் மின்சாரத்தால் ஹீட்டரை ஓட்டினால் ஏறத்தாழ 50 லிட்டர் தேவைப்படும். எரிபொருளின் வெப்பத்தில் பெரும்பகுதி புகைபோக்கி வழியாகவும் ரேடியேட்டர் வழியாகவும் வீணாகிவிடுகிறது. அதனால்தான் நல்ல பொறியாளர்கள் வெப்பத்தை பாய்லரிடமே விட்டுவிட்டு, அதன் காற்றாடிக்கும் பம்புகளுக்கும் வேண்டிய சிறிய மின்சாரத்தை மட்டும் ஜெனரேட்டரிடம் கேட்கிறார்கள்.

மின்சாரம் நின்ற நொடியில் பர்னரின் எரிபொருள் வால்வு தானாக மூடிக்கொள்ளும். மின்சாரம் திரும்பியதும் காற்றாடி முதலில் உள்ளே தேங்கிய டீசல் ஆவியை வெளியே தள்ளும். அதன் பிறகுதான் தீப்பொறி. சுடர் பிடித்ததா என்று ஓர் ஒளியுணரி பார்க்கிறது. சில நொடிகளில் சுடர் தெரியாவிட்டால் பர்னர் பூட்டிக்கொண்டு சிவப்பு விளக்கு எரியும். யாராவது போய் பொத்தானை அழுத்தினால்தான் மீளும். இந்தக் கோளாறு கண்ணுக்குத் தெரியும், எனவே சமாளிக்கலாம்.

கண்ணுக்குத் தெரியாத கோளாறு சுழற்சி பம்பில் இருக்கிறது. கடைசி அறை தொட்டியிலிருந்து 60 மீட்டர் தூரத்தில் இருந்தால், இடையிலுள்ள 32 மில்லிமீட்டர் குழாயில் 48 லிட்டர் தண்ணீர் நிற்கும். அது ஆறிவிட்டால், நிமிடத்துக்கு 8 லிட்டர் வீதம் திறந்துவிட்டுக் காத்திருப்பவருக்கு ஆறு நிமிடம் குளிர்ந்த நீர்தான். இதைத் தவிர்க்கத்தான் ஒரு சிறு பம்ப் வெந்நீரை இரவு பகலாகக் கடைசி அறைவரை கொண்டுபோய், திரும்பு குழாய் வழியே தொட்டிக்குக் கொண்டுவருகிறது. பல ஓட்டல்களில் அந்தப் பம்பின் ஸ்டார்ட்டர் பச்சைப் பொத்தான் வகை. மின்சாரம் ஒரு நொடி போனாலும் அது விடுபட்டுவிடும். மின்சாரம் வந்தாலும் தானாக ஒட்டாது. மோட்டாருக்கு அது நல்ல பாதுகாப்பு, வெந்நீருக்கோ பெரும் இடையூறு. பாய்லர் எரிகிறது, தொட்டியின் முள் 60 காட்டுகிறது, குழாய் மட்டும் அமைதியாக ஆறிக்கொண்டிருக்கிறது.

கண்டுபிடிக்க ஒரு கை போதும். தொட்டிக்குத் திரும்பும் குழாயைத் தொட்டால், அதிக நேரம் கை வைக்க முடியாத அளவுக்குச் சுட வேண்டும். தெர்மாமீட்டர் 50 டிகிரிக்குக் குறையக் கூடாது. அது வசதிக்கான எல்லை மட்டும் அன்று. 20 முதல் 45 டிகிரி வரையிலான தண்ணீரில் லெஜியனெல்லா என்னும் நுண்ணுயிர் பெருகும். நுண்துளிகளோடு நுரையீரலுக்குள் போனால் கடும் நிமோனியா வரும். சில மணி நேரத் தடையால் இது நேர்ந்துவிடாது. நாள்கணக்கில் நின்றுபோன பம்பும், பயன்படாமல் பூட்டிக் கிடக்கும் அறைகளும்தான் ஆபத்து.

ஜெனரேட்டர் சோதனை பல இடங்களில் அரைகுறையாக நடக்கிறது என்பது என் வருத்தம். வாரம் ஒருமுறை பொத்தானை அழுத்தி, சுமை எதுவும் தராமல் பத்து நிமிடம் ஓடவிட்டு நிறுத்திவிடுகிறார்கள். அப்படி ஓடும் இன்ஜின் போதிய சூடேறாமல், எரியாத எண்ணெயைப் புகைக்குழாயில் படியவிடும். மின்தடையை ஜெனரேட்டர் தானே உணர்ந்து கிளம்புமா என்பதும் தெரியாது. குளியல் நெரிசல் ஓய்ந்த பதினொரு மணிக்கு, விருந்தினர்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட்டு, பிரதான சுவிட்சையே இறக்க வேண்டும். பேட்டரி இன்ஜினைச் சுழற்றுகிறதா, சுமை ஜெனரேட்டருக்கு மாறுகிறதா, பர்னர் பூட்டிக்கொள்கிறதா, பம்ப் தானாக எழுகிறதா என்று வரிசையாகப் பார்க்க வேண்டும். பிறகு சுவிட்சை ஏற்றி, மின்வாரிய மின்சாரத்துக்குத் திரும்பும்போது இரண்டாம் முறையாக வரும் நொடிநேரத் தடைக்குப் பிறகும் பம்ப் தானாக எழுகிறதா என்று கவனிக்க வேண்டும். பலர் மறப்பது இதைத்தான். அரை மணி கழித்துத் திரும்பு குழாயின் வெப்பத்தைப் பார்த்துப் பதிவேட்டில் எழுதிய பிறகே சோதனை முடிந்ததாகக் கொள்ள வேண்டும்.