ஆடுசதை வலிக்கிறதா? முதலில் கயிற்றை அளந்து பாருங்கள்

இயன்முறை மருத்துவராகப் பணிபுரியும் எனக்கு, புதிதாக ஸ்கிப்பிங் தொடங்கியவர்களின் கால் வலி மிகவும் பழக்கமான ஒன்று. பெரும்பாலானோர் வந்தவுடன் ஆடுசதையைத் தொட்டுக்காட்டி, அதற்கு என்ன செய்யலாம் என்றுதான் கேட்கிறார்கள். நானோ, அடுத்த முறை வரும்போது அந்தக் கயிற்றையும் எடுத்து வாருங்கள் என்று கேட்டுக்கொள்வேன். வலி ஆடுசதையில் இருந்தாலும், அதன் தொடக்கம் பல நேரங்களில் கயிற்றின் நீளத்தில் இருக்கிறது. நீளம் தவறினால் குதிக்கும் முறை மாறுகிறது. குதிக்கும் முறை மாறினால் ஆடுசதையின் மீது விழும் சுமை கூடுகிறது.

முப்பத்தைந்து வயதைக் கடந்த ஒரு பெண் அப்படி வந்திருந்தார். நாள் முழுவதும் அமர்ந்து செய்யும் வேலை அவருக்கு. முதல் நாளே பத்து நிமிடம் குதித்திருக்கிறார். அன்று மாலை லேசான இறுக்கம்தான் இருந்தது. மறுநாள் வலி கூடியது. மூன்றாம் நாள் காலையில் மாடிப்படியில் நேராக இறங்க முடியாமல், கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் ஒவ்வொரு படியாக இறங்கினாராம். "நான் நானூற்றைம்பது தடவைதான் குதித்தேன், அதற்கே இப்படியா டாக்டர்?" என்று கேட்டார். அவருடைய கயிற்றின் கைப்பிடியில் எண்ணிக்கை காட்டும் சிறிய திரை ஒன்று இருந்தது. அந்தக் கணக்கைத்தான் சொன்னார். அந்தக் கணக்கில் ஒரு பிழை இருந்தது. அதற்குப் பிறகு வருகிறேன்.

முதலில் கயிற்றின் நடுப்பகுதியை ஒரு காலால் மிதித்துக்கொண்டு, இரு கைப்பிடிகளையும் உடலை ஒட்டி மேலே இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். தொடக்க நிலையில் இருப்பவருக்குக் கைப்பிடிகளின் நுனி அக்குள் வரை வந்தால் போதுமானது. நன்கு பழகியவர்கள் அதைவிடச் சற்றுக் குட்டையான கயிற்றை, அதாவது நடுமார்பளவு வரும் கயிற்றை, வைத்துக்கொள்ளலாம். இவருக்கோ நுனிகள் காதுமடல் வரை எட்டின. அவருடைய உயரம் 158 சென்டிமீட்டர். கைப்பிடிகளோடு சேர்த்துக் கயிற்றின் நீளம் 280 சென்டிமீட்டர். உயரத்தோடு 80 முதல் 90 சென்டிமீட்டர் வரை கூட்டிக்கொள்வது நடைமுறைக்கு ஏற்ற கணக்கு என்பதால், அவருக்கு 240 சென்டிமீட்டரை ஒட்டிய நீளமே போதும். ஏறத்தாழ 40 சென்டிமீட்டர் மிகை. கடையில் வாங்கும் கயிறு பெரும்பாலும் உயரமானவருக்கும் எட்டும்படியாகவே வருகிறது. அதை நம் அளவுக்குச் சுருக்கிக்கொள்ள வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை.

கயிறு நீளமாக இருந்தால் தாண்டுவது எளிது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் நடப்பது வேறு. நீளக் கயிறு பாதத்துக்கு வெகு முன்னால் தரையில் அடித்து, அங்கேயே துள்ளி எழுந்து, நெளிந்த நிலையில் கால்களை நோக்கி வருகிறது. அந்தத் தொய்வைச் சரிசெய்ய, குதிப்பவர் தம்மை அறியாமலேயே இரு கைகளையும் பக்கவாட்டில் அகற்றிவிடுகிறார். கைகள் அகன்றவுடன் கயிற்றின் அடிப்பகுதி மேலே ஏறுகிறது. அது எந்த உயரத்தில் வரும் என்பதைக் கணிக்க முடியாமல், எதற்கும் இருக்கட்டும் என்று உயரமாகக் குதிக்கிறார். இந்தப் பெண்ணைக் குதிக்கச் சொல்லி அலைபேசியில் மெதுவோட்டக் காணொளி எடுத்துப் பார்த்தபோது, முழங்கைகள் விலாவை விட்டு வெகுதூரம் விலகியிருந்ததும், ஒவ்வொரு முறையும் குதிகால்களைப் பின்புறமாக மடக்கி, தரையிலிருந்து ஒரு சாண் உயரம் வரை எழும்பியதும் தெளிவாகத் தெரிந்தன. கயிற்றின் தடிமன் அரை சென்டிமீட்டர் மட்டுமே. அதைத் தாண்ட இரண்டு அல்லது மூன்று சென்டிமீட்டர் எழும்பினால் போதும்.

இந்த வேறுபாடு பார்க்கத்தான் சிறியது. மூன்று சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதையும் பன்னிரண்டு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து இறங்குவதையும் ஒப்பிட்டால், பின்னதில் பாதம் தரையைத் தொடும் வேகம் இரண்டு மடங்கு, தசைகள் தாங்கி அடக்க வேண்டிய ஆற்றல் நான்கு மடங்கு. இனி எண்ணிக்கைக்கு வருவோம். நீளக் கயிறு மெதுவாகவே சுற்றும் என்பதால், அது திரும்பி வரும்வரை காத்திருக்க, புதியவர்கள் இடையில் ஒரு சிறு துள்ளலைச் சேர்த்துக்கொள்கிறார்கள். இவரும் அப்படித்தான் செய்தார். கைப்பிடியில் உள்ள திரை கயிற்றின் சுற்றுகளை மட்டுமே எண்ணும். இடைத்துள்ளல் அதற்குத் தெரியாது. ஆக, திரையில் நானூற்றைம்பது என்றிருந்தாலும் அவருடைய ஆடுசதை தாங்கிய இறக்கங்கள் ஏறத்தாழ தொள்ளாயிரம்.

கயிற்றைச் சுருக்குவது கடினமான வேலை இல்லை. பெரும்பாலான கயிறுகளில் கைப்பிடியின் மூடியைத் திறந்தால் உள்ளே ஒரு முடிச்சோ, திருகு வைத்த அடைப்போ இருக்கும். கயிற்றை இழுத்து வேண்டிய இடத்தில் அதை நகர்த்திக்கொள்ளலாம். மிகுதியை உடனே வெட்டிவிட வேண்டாம். இரண்டு வாரம் பழகிப் பார்த்த பிறகு வெட்டினால் வருந்த நேராது. கைப்பிடியைத் திறக்க முடியாத கயிறாக இருந்தால், இரு பக்கமும் கைப்பிடியை ஒட்டியே சம எண்ணிக்கையில் முடிச்சுப் போடலாம். நடுவில் முடிச்சுப் போட்டால் அது தரையில் அடித்துக் கயிற்றின் ஓட்டத்தைக் கெடுக்கும். கயிற்றைக் கைவிரல்களில் சுற்றிக்கொள்வதும் உதவாது, ஏனெனில் கைப்பிடிக்குள் கயிறு சுழல முடியாமல் போய்விடும். சுருக்கிய பிறகு ஒரே ஒரு சோதனை: கயிறு கால்விரல்களுக்கு ஒரு சாண் அளவு முன்னால் தரையை லேசாக உரசிச் செல்ல வேண்டும். அதைவிட வெகு முன்னால் பலமாக அடித்தால் இன்னும் நீளம். தரையைத் தொடாமலேயே கால்விரல்களில் மாட்டி, நீங்களும் முதுகைக் கூன வைத்தால் மிகவும் குட்டை. மெல்லிய எஃகுக் கம்பிக் கயிறு புதியவர்களுக்கு ஏற்றதல்ல என்பது என் கருத்து. சற்றுக் கனமான பிளாஸ்டிக் கயிறோ மணி கோத்த கயிறோ எங்கே சுழல்கிறது என்பதைக் கை உணரும். காலில் பட்டாலும் அவ்வளவாக வலிக்காது.

கால் வைக்கும் முறையைக் கயிறு இல்லாமலேயே தொடங்குவது நல்லது. பாதங்களை இடுப்பகலத்துக்கும் குறைவாக வைத்து, முழங்கால்களை விறைக்காமல், ஒரு தீப்பெட்டியைப் படுக்கவைத்தால் இருக்கும் உயரத்துக்குத் துள்ளிப் பழகலாம். முன்பாதம் முதலில் தரையைத் தொட வேண்டும். இங்கே பலரும் தவறாகப் புரிந்துகொள்ளும் ஓர் அறிவுரை உண்டு: நுனிக்காலில் குதி என்பது. அதைக் கேட்டவர்கள் நடனமாடுவதுபோல் குதிகாலை உயரத் தூக்கி நின்று, அதை ஒருமுறைகூடக் கீழே இறக்காமல் குதிக்கிறார்கள். அப்படிக் குதித்தால் ஆடுசதை ஒரு கணமும் தளர்வதில்லை. முன்பாதம் தொட்ட பிறகு குதிகால் தானாகக் கீழிறங்கி, தரைக்கு மிக அருகில் வரலாம், மெல்லத் தொட்டாலும் தவறில்லை. 'தொம்' என்று அடித்து இறங்குவதுதான் கூடாது. சத்தமே நல்ல அளவுகோல்: கயிறு தரையை உரசும் ஒலி பாதம் இறங்கும் ஒலியைவிடத் தெளிவாகக் கேட்க வேண்டும். கைகளைப் பொறுத்தவரை, முழங்கை விலாவை ஒட்டியிருக்க, மணிக்கட்டு மட்டும் சுழன்றால் போதும்.

இனி வலி. குதித்து இறங்கும் ஒவ்வொரு முறையும் ஆடுசதை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கி நிறுத்துகிறது. தசை நீளும்போது சுமையைத் தாங்கும் இவ்வகை வேலைக்குப் பழகாதவர்களுக்கு, தசை நார்களில் மிக நுண்ணிய சேதம் ஏற்பட்டு, அதைச் சரிசெய்யும் அழற்சியோடு வலி வருகிறது. அதனால்தான் அது அன்றைக்கே வராமல், பொதுவாக இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்தை எட்டி, பிறகு மெல்லத் தணிகிறது. லாக்டிக் அமிலம் தேங்கியதால் வலிக்கிறது என்று இன்றும் பலர் நம்புகிறார்கள். உடற்பயிற்சியில் உருவாகும் லாக்டேட் ஓரிரு மணி நேரத்துக்குள் நீங்கிவிடும் என்பதால், மூன்றாம் நாள் வலிக்கு அது காரணமாக முடியாது. இவ்வகை வலி இரு கால்களிலும் ஏறக்குறைய ஒரே அளவில், சதையின் பருத்த பகுதியில் பரவலாக இருக்கும். சற்று நடந்தால் இலகுவாகும். மெதுவான நடையும் கணுக்காலை மேலும் கீழும் அசைப்பதும் போதும். வலிக்கும் சதையை அழுத்திப் பிசைந்துவிடுவதை நான் பரிந்துரைப்பதில்லை.

வேறு வகை வலிகளுக்கு இந்தப் பொறுமை பொருந்தாது. குதிக்கும்போதே பின்னாலிருந்து யாரோ உதைத்ததுபோலவோ, 'டப்' என்று அறுந்ததுபோலவோ உணர்ந்தால், சதையோ குதிகால் தசைநாணோ கிழிந்திருக்கலாம். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும். ஒரு காலில் மட்டும் வீக்கமும் சூடும் இருந்தால் இரத்த நாளத்தில் இரத்தம் உறையவில்லை என்று உறுதிசெய்யும்வரை அதைத் தசைவலி என்று விட்டுவிடக் கூடாது. மூச்சுத்திணறலோ நெஞ்சுவலியோ சேர்ந்தால் அது அவசர சிகிச்சைக்கு உரியது. சிறுநீர் கருஞ்சிவப்பாகப் போனாலும் காத்திருக்கக் கூடாது. முன்காலின் எலும்பில் ஒரு விரல் அகலத்துக்கு மட்டும் தொட்டாலே வலித்தால் எலும்பில் நுண்முறிவு இருக்கலாம். காலையில் எழுந்து வைக்கும் முதல் சில அடிகளில் குதிகாலுக்கு மேலுள்ள நாண் விறைத்து வலிப்பது, நாணின் மீது சுமை கூடிவிட்டதற்கு அடையாளம்.

அந்தப் பெண்ணுக்கு இவற்றில் எதுவும் இல்லை. ஐந்தாம் நாளில் படியில் நேராக இறங்க முடிந்தது. அதன் பிறகு, சுவரைத் தொட்டுக்கொண்டு ஒற்றைக் காலில் நின்று, குதிகாலைப் பத்து முறை உயர்த்தி இறக்கச் சொன்னேன். இரு பக்கமும் வலியின்றிச் செய்ய முடிந்தபோதுதான் சுருக்கிய கயிற்றை மீண்டும் எடுத்தார். இருபது விநாடி குதித்து நாற்பது விநாடி நிற்பது, அப்படி ஆறு சுற்று, வாரத்துக்கு மூன்று நாள், இடையில் ஒரு நாளாவது ஓய்வு. கயிறு நிமிடத்துக்கு நூறு முறை சுற்றும் வேகத்தில், ஒரு நாளைக்கு ஏறத்தாழ இருநூறு இறக்கங்களே வரும். கயிறு ஒருமுறை சுற்றினால் ஒரு துள்ளல் மட்டும் என்பதால், இம்முறை திரையில் தெரிந்த எண்ணும் காலுக்குத் தெரிந்த எண்ணும் ஒன்றாகவே இருந்தன. முதல் வாரம் மறுநாள் லேசான இறுக்கம் இருந்தது. இரண்டாம் வாரம் அதே அளவுக்கு அதுவும் வரவில்லை. அதன் பிறகே வாரத்துக்கு இரண்டு சுற்று என்று கூட்டத் தொடங்கினோம்.